வனஸ்பதியும் டிரான்ஸ் பிணைப்பும்: பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு வினையின் வரலாறு

தாவர எண்ணெயுடன் நிக்கல் வினையூக்கியின் முன்னிலையில் ஹைட்ரஜன் வாயுவைச் சேர்த்து, எண்ணெய் முழுவதும் நிறைவுறுவதற்கு முன்பே வினையை நிறுத்திவிடுவது பகுதி ஹைட்ரஜனேற்றம் எனப்படும். இந்தியாவில் வனஸ்பதி என்றும், வீட்டுப் பேச்சில் டால்டா என்றும் வழங்கிய கெட்டிக் கொழுப்பு இவ்வாறு செய்யப்பட்டதே. அதில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இன்று சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது.

மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பதுண்டு. அது நியாயமான கேள்வியும்கூட. ஹைட்ரஜனேற்றம் என்பது இரட்டைப் பிணைப்பை நீக்கும் வினை. அப்படியானால் வினைக்குப் பிறகு இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கை குறைய வேண்டும், அவ்வளவுதான். எண்ணெயில் முன்பு இல்லாத புதுவகை இரட்டைப் பிணைப்பு எங்கிருந்து வந்தது? பாடநூல்கள் பெரும்பாலும் 'இவ்வினையில் டிரான்ஸ் கொழுப்பும் உண்டாகிறது' என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. விடை நிக்கலின் பரப்பில் நடக்கும் ஒரு சிறு நிகழ்ச்சியில் இருக்கிறது. அதைக் கண்டறிய வேதியியலாளர்களுக்குச் சில பத்தாண்டுகள் பிடித்தன. அதன் விளைவு உடலுக்கு என்ன செய்கிறது என்று தெளிவாவதற்கு அதைவிட நெடுங்காலம் ஆயிற்று.

வளைந்த சங்கிலியும் நேரான சங்கிலியும்

எண்ணெயும் கொழுப்பும் கிளிசரால் என்ற சிறு மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்து உண்டானவை. கொழுப்பு அமிலம் என்பது நீண்ட கார்பன் சங்கிலி. நம் சமையல் எண்ணெய்களில் மிகுதியாக உள்ளவற்றில் 18 கார்பன்கள் இருக்கும். எல்லாக் கார்பன்களும் ஒற்றைப் பிணைப்பால் இணைந்திருந்தால் அது நிறைவுற்ற அமிலம். ஸ்டீரிக் அமிலம் இவ்வகை. ஓரிடத்தில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது நிறைவுறா அமிலம். ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் உள்ள ஒலீயிக் அமிலம் இவ்வகை. இதில் 9ஆம் கார்பனுக்கும் 10ஆம் கார்பனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு உள்ளது. லினோலீயிக் அமிலத்தில் 9ஆம் இடத்திலும் 12ஆம் இடத்திலுமாக இரண்டு உண்டு.

ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி அணுக்கள் தாராளமாகச் சுழலலாம். இரட்டைப் பிணைப்பைச் சுற்றிச் சுழல முடியாது. எனவே இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளிலும் தொடரும் சங்கிலிப் பகுதிகள் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா, எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றனவா என்பது நிலையாக அமைந்துவிடுகிறது. ஒரே பக்கத்தில் இருந்தால் சிஸ். எதிர்ப்பக்கத்தில் இருந்தால் டிரான்ஸ். இலத்தீனில் சிஸ் என்றால் 'இப்பக்கம்', டிரான்ஸ் என்றால் 'அப்பக்கம்'. தாவரங்களின் நொதிகள் சமையல் எண்ணெய்களில் கிட்டத்தட்ட எல்லா இரட்டைப் பிணைப்புகளையும் சிஸ் வடிவத்திலேயே ஆக்குகின்றன.

சிஸ் பிணைப்பு உள்ள இடத்தில் சங்கிலி வளைகிறது. வளைந்த விறகுகளை அடுக்கினால் இடையில் சந்து விழுவதுபோல, இந்த மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கமுடியாமல் திரவமாகவே இருக்கின்றன. டிரான்ஸ் பிணைப்பில் வளைவு ஏறக்குறைய இல்லை. சங்கிலி நேராகவே போகிறது. இதன் பலனை மூன்று எண்களில் காணலாம். ஸ்டீரிக் அமிலம் சுமார் 69 பாகை செல்சியசில் உருகும். ஒலீயிக் அமிலம் சுமார் 13 பாகையிலேயே உருகிவிடும். ஒலீயிக் அமிலத்தின் டிரான்ஸ் வடிவமான எலைடிக் அமிலம் சுமார் 44 பாகையில் உருகும். பின்னிரண்டுக்கும் கார்பன் எண்ணிக்கை, ஹைட்ரஜன் எண்ணிக்கை, இரட்டைப் பிணைப்பின் இடம் எல்லாம் ஒன்றே. பக்கம் மாறியதற்கே 30 பாகை வேறுபாடு. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வனஸ்பதியின் கணக்கைப் போடும்போது தேவைப்படும்.

டிரான்ஸ் அமிலம் ஹைட்ரஜனேற்றத்தால் உலகுக்கு அறிமுகமானதன்று. 1819இல் பிரான்சின் மார்சேய் நகர மருந்தாளர் பூத்தே, பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்த கரைசலை ஆலிவ் எண்ணெயோடு கலந்தால் எண்ணெய் கெட்டியாகிவிடுவதைக் கண்டார். கலப்படம் செய்த எண்ணெய் அவ்வளவு நன்றாக இறுகவில்லை. ஆகவே அது ஆலிவ் எண்ணெயின் தூய்மையைச் சோதிக்கும் முறையாயிற்று. அக்கரைசலில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் சிஸ் பிணைப்பை டிரான்ஸ் ஆக்கிவிடுகின்றன என்பது பிற்காலத்தில் விளங்கியது. 'எலைடிக்' என்ற பெயரும் இச்சோதனையின் வழியில் வந்ததே. அதாவது நிக்கல் தொழிற்சாலைகளுக்கு வெகுகாலம் முன்பே டிரான்ஸ் அமிலம் ஆய்வகச் சீசாவில் இருந்தது. உணவுத் தட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வாயுவிலிருந்து எண்ணெய்க்கு

1897இல் துலூஸ் நகரில் பால் சபாத்தியே, சாந்தெரான் என்ற துணையாளருடன் சேர்ந்து, நுண்ணிய நிக்கல் பொடியின் மீது எத்திலீன் வாயுவையும் ஹைட்ரஜனையும் செலுத்தினார். எத்திலீன் ஈத்தேனாக மாறியது. இப்பணிக்காக சபாத்தியேவுக்கு 1912இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் தம் முறையை ஆவியாகக்கூடிய பொருள்களுக்கே பயன்படுத்தினார். எண்ணெயைச் சிதையாமல் ஆவியாக்க இயலாது. ஆகையால் எண்ணெய்க்கும் இம்முறைக்கும் தொடர்பிருப்பதாக அப்போது எவரும் நினைக்கவில்லை.

ஜெர்மனியின் ஹெர்ஃபோர்டில் வில்ஹெல்ம் நோர்மன் என்ற இளம் வேதியியலாளர் 1901இல் அந்த எல்லையைத் தாண்டினார். திரவ ஒலீயிக் அமிலத்தில் நிக்கல் பொடியைக் கலந்து சூடாக்கி, அதனுள் ஹைட்ரஜன் வாயுவைக் குமிழியிடச் செய்தார். திரவம் ஸ்டீரிக் அமிலமாக இறுகியது. 1902இல் ஜெர்மனியிலும் அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் உரிமை வாரிங்டனில் இருந்த ஜோசப் கிராஸ்ஃபீல்டு சோப்பு நிறுவனத்துக்குப் போயிற்று. திமிங்கில எண்ணெய் போன்ற மலிவான, நாற்றம் வீசும் திரவ எண்ணெய்களைச் சோப்புக்கு ஏற்ற கெட்டிக் கொழுப்பாக்குவதே அவர்கள் நோக்கம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் கொழுப்பு எவ்வளவு கெட்டியானாலும் நல்லதே. வினையைக் கடைசிவரை நடத்தலாம். கடைசிவரை நடத்தினால் இரட்டைப் பிணைப்பே மிஞ்சாது. இரட்டைப் பிணைப்பு இல்லாத இடத்தில் சிஸ், டிரான்ஸ் என்ற பேச்சுக்கும் இடமில்லை. டிரான்ஸ் சிக்கல் தொடங்கியது கொழுப்பை உண்ண விரும்பியபோதுதான். முழுவதும் ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் மெழுகுபோல் இருக்கும். வாயில் உருகாது, மாவில் கலக்காது. நெய்யைப்போல, பன்றிக்கொழுப்பைப்போல, அறை வெப்பத்தில் குழைவாக இருக்க வேண்டுமானால் வினையைப் பாதியில் நிறுத்த வேண்டும்.

அமெரிக்காவின் புரோக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் 1911இல் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து கிரிஸ்கோ என்ற சமையல் கொழுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு எடுத்த காப்புரிமையில் அந்நிறுவனம் உரிமை கோரிய பொருளே 'முற்றுப்பெறாமல் ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவர எண்ணெய்' என்பதுதான். வழக்கு 1920இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்று, காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அதன்பின் பகுதி ஹைட்ரஜனேற்றம் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பொதுத்தொழிலாயிற்று.

நிக்கலின் மேல் நடப்பது

தொழிற்சாலைகள் பெருகிய சில ஆண்டுகளிலேயே வேதியியலாளர்கள் ஒரு புதிரைச் சந்தித்தனர். ஒலீயிக் அமிலத்தைப் பாதிவரை ஹைட்ரஜனேற்றினால், எதிர்பார்த்த ஸ்டீரிக் அமிலத்தோடு, அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும் மற்றொரு நிறைவுறா அமிலமும் கிடைத்தது. 1919இல் மூர் என்ற ஆங்கில வேதியியலாளர் இந்தக் 'கெட்டி ஐசோ ஒலீயிக் அமிலங்கள்' பற்றி எழுதினார். அவற்றில் எலைடிக் அமிலம் ஒன்று. இரட்டைப் பிணைப்பு 9ஆம் இடத்திலிருந்து அக்கம்பக்கம் நகர்ந்துவிட்ட அமிலங்களும் இருந்தன. பக்கமும் மாறியிருக்கிறது, இடமும் மாறியிருக்கிறது. ஹைட்ரஜனைச் சேர்ப்பது மட்டுமே நடந்திருந்தால் இரண்டுக்கும் விளக்கமில்லை.

விளக்கம் 1934இல் மான்செஸ்டரிலிருந்து வந்தது. ஜப்பானியரான ஹோரியூத்தியும் மைக்கேல் பொலானியும் எண்ணெயை ஆராயவில்லை. எத்திலீன் போன்ற எளிய பொருள்களையே ஆராய்ந்தனர். மூன்றாண்டுகளுக்கு முன்புதான் ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பான டியூட்டிரியம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதை அவர்கள் அடையாளக் குறியாகப் பயன்படுத்தினர். டியூட்டிரியம் சூழ்ந்திருக்க நிக்கலைத் தொட்டுவிட்டு, ஈத்தேனாக மாறாமலே திரும்பிய எத்திலீனிலும் டியூட்டிரியம் ஏறியிருந்தது. வினையில் பங்கெடுக்காததுபோல் தோன்றிய மூலக்கூறு உண்மையில் ஓர் அணுவை வாங்கிக்கொண்டு, வேறோர் அணுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஒரே கணத்தில் சேருவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகவே சேருகின்றன, முதல் அணு சேர்ந்தபின் வினை பின்னோக்கியும் போகலாம் என்பதே இதிலிருந்து அவர்கள் கண்ட முடிவு.

இதை அப்படியே எண்ணெய்க்குப் பொருத்திப் பார்ப்போம். ஒலீயிக் அமிலச் சங்கிலி நிக்கல் பரப்பில் வந்து தன் இரட்டைப் பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. 9ஆம் கார்பனும் 10ஆம் கார்பனும் நிக்கலைப் பற்றியுள்ளன. பரப்பில் ஏற்கெனவே பிளந்து கிடக்கும் ஹைட்ரஜன் அணு ஒன்று 10ஆம் கார்பனில் சேர்கிறது. இப்போது 9ஆம் கார்பன் மட்டுமே நிக்கலைப் பற்றியிருக்கிறது. இதைப் 'பாதி ஹைட்ரஜனேறிய நிலை' என்பார்கள். இந்நிலையில் 9க்கும் 10க்கும் இடையே இருப்பது ஒற்றைப் பிணைப்பு. முன்பு பூட்டியிருந்த பூட்டு திறந்துவிட்டது. சங்கிலி அவ்விடத்தில் சுழலலாம்.

இனி இரண்டு வழிகள் உண்டு. அருகில் இன்னொரு ஹைட்ரஜன் அணு இருந்தால் அது 9ஆம் கார்பனில் சேர்ந்துவிடும். ஸ்டீரிக் அமிலம் நிக்கலை விட்டு விலகும். அருகில் ஹைட்ரஜன் கிடைக்காவிட்டால் அந்தப் பாதி நிலை நீடிக்காது. சங்கிலி ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பரப்புக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் இரட்டைப் பிணைப்பாகிறது. ஆனால் எந்த அணுவைக் கொடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 10ஆம் கார்பனில் இப்போது இரண்டு ஹைட்ரஜன்கள் உள்ளன: பழையது ஒன்று, புதியது ஒன்று. புதியதையே கொடுத்தால் பழைய சிஸ் பிணைப்பு அப்படியே திரும்பும். இடையில் சங்கிலி சுழன்றிருந்து, பழையதைக் கொடுத்தால் டிரான்ஸ் பிணைப்பு உருவாகும். மறுபுறத்தில் உள்ள 8ஆம் கார்பனிலிருந்து ஓர் அணுவைக் கொடுத்தாலோ, இரட்டைப் பிணைப்பு 8க்கும் 9க்கும் இடையே நகர்ந்துவிடும். முதல் அணு 9ஆம் கார்பனில் சேர்ந்திருந்தால் இதேபோல் மறுதிசையில் 10க்கும் 11க்கும் இடையே நகரும். மூர் கண்ட பக்க மாற்றம், இட மாற்றம் இரண்டையும் இந்த ஒரே படி விளக்கிவிடுகிறது.

ஆக, டிரான்ஸ் பிணைப்பு என்பது ஹைட்ரஜன் ஏறியதால் வந்ததன்று; ஏறிய ஹைட்ரஜன் இறங்கியதால் வந்தது. வகுப்பில் இதைத் தீக்குச்சிகளைக் கொண்டு காட்டினால் உடனே புரிந்துவிடும். கரும்பலகையில் வாய்பாடு எழுதினால் அவ்வளவு எளிதில் புரிவதில்லை.

ஏன் டிரான்ஸ் பக்கமே அதிகம் சாய்கிறது? டிரான்ஸ் வடிவத்தில் சங்கிலியின் இரு பகுதிகளும் ஒன்றையொன்று நெருக்காமல் எதிரெதிரே இருப்பதால் அதன் ஆற்றல் சற்றுக் குறைவு. மோலுக்குச் சுமார் 4 கிலோஜூல். இந்தச் சிறு வேறுபாடே போதும். ஏறி இறங்கும் ஆட்டம் பலமுறை நடந்து சமநிலை ஏற்பட்டால், மூன்றில் இரண்டு பங்கு டிரான்ஸ், ஒரு பங்கு சிஸ் என்ற அளவில் வந்து நிற்கும்.

கடலை எண்ணெயின் கணக்கு

இந்தியாவில் வனஸ்பதி 1930களில் வேரூன்றியது. லீவர் நிறுவனம் பம்பாயில் ஆலை அமைத்தது. டால்டா என்ற பெயர் 1937இல் சந்தைக்கு வந்தது. அக்காலத்தில் இங்கு வனஸ்பதிக்கான முக்கிய மூலப்பொருள் நிலக்கடலை எண்ணெய். அதை எடுத்துக்காட்டாகக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எண்ணெயின் நிறைவுறாமையை அளப்பது அயோடின் எண். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறதோ அதுவே அதன் அயோடின் எண். இரட்டைப் பிணைப்பு மிகுந்தால் எண்ணும் மிகும். நமது எண்ணெயின் அயோடின் எண் 95 என்று கொள்வோம். அதன் கொழுப்பு அமிலங்களில் சுமார் 45 விழுக்காடு ஒலீயிக், 34 விழுக்காடு லினோலீயிக், மீதி 20 விழுக்காட்டை ஒட்டி நிறைவுற்றவை. இதை அயோடின் எண் 65 ஆகும்வரை ஹைட்ரஜனேற்றி நிறுத்துகிறோம்.

அயோடின் எண்ணை ஓர் அலகு குறைக்க, ஒரு டன் எண்ணெய்க்குச் சுமார் 0.88 கன மீட்டர் ஹைட்ரஜன் வேண்டும். 30 அலகுக்கு 26 கன மீட்டருக்குச் சற்று மேல். கேட்கப் பெரிதாக இருந்தாலும் எடை இரண்டரைக் கிலோவுக்கும் குறைவுதான். ஒரு டன் எண்ணெயைக் கெட்டியாக்கிய ஹைட்ரஜன் அவ்வளவே. வினை வெப்பம் உமிழ்வது. ஓர் அலகு குறையும்போது எண்ணெயின் வெப்பநிலை ஒன்றரைப் பாகைக்கு மேல் ஏறும். 30 அலகுக்கு ஐம்பது பாகை அளவுக்கு ஏற்றம். ஆகவே கலனுக்குள் குளிர்நீர்ச் சுருள்குழாய் இல்லாமல் இவ்வினையை அடக்க முடியாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். லினோலீயிக் அமிலத்தின் இரு இரட்டைப் பிணைப்புகளும் அருகருகே இருப்பதால் அது ஒலீயிக்கைக் காட்டிலும் உறுதியாக நிக்கலைப் பற்றிக்கொள்ளும். அதனால் அதுவே முதலில் வினைபுரியும். தொழிலில் இதைத் தேர்வுத்திறன் என்பார்கள். 34 விழுக்காடு லினோலீயிக் அமிலமும் ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பை மட்டும் இழந்தால் அயோடின் எண் எவ்வளவு குறையும்? கணக்கிட்டால் கிட்டத்தட்ட அதே 30 வருகிறது. அப்படியானால் தேர்வுத்திறன் முழுமையாக இருந்த ஆலையில், வினை முடிந்த கொழுப்பில் நிறைவுற்ற அமிலம் பழைய 20 விழுக்காடேதான். ஒரு துளியும் கூடவில்லை. மீதி 79 விழுக்காடு முழுவதும் ஒற்றை இரட்டைப் பிணைப்பு உள்ள அமிலம்.

அந்த 79 விழுக்காடும் சிஸ் வடிவிலேயே இருந்திருந்தால் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஆலிவ் எண்ணெயைப் போன்ற ஒரு பொருள். டப்பாவில் அடைத்துக் கரண்டியால் வழித்தெடுக்க முடியாது, சீசாவில் ஊற்றவே முடியும். ஆனால் ஆலையிலிருந்து வந்தது கெட்டியான, மணல்மணலாகப் படிந்த கொழுப்பு. அதைக் கெட்டியாக்கியது யார்? 44 பாகையில் உருகும் அந்த எலைடிக் அமிலமும் அதன் உறவினரும்தான். நடைமுறையில் கொஞ்சம் ஸ்டீரிக் அமிலமும் உண்டாகும். அதுவும் கெட்டித்தன்மைக்கு உதவும். இருந்தாலும் கணக்கு காட்டும் உண்மை மாறாது. டிரான்ஸ் என்பது வனஸ்பதியில் தற்செயலாகப் புகுந்த மாசு அன்று. வனஸ்பதியை வனஸ்பதியாக்கியதில் பெரும்பங்கு அதற்கே. சமநிலை வரை போயிருந்தால் 79இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 50 விழுக்காட்டைத் தாண்டியும் டிரான்ஸ் இருக்கக்கூடும். பகுதி ஹைட்ரஜனேற்றிய கொழுப்புகளில் 25 முதல் 40 விழுக்காடு டிரான்ஸ் காணப்பட்டது அரிதன்று.

ஆலைக்காரர் இதைக் குறைத்திருக்க முடியாதா? ஓரளவு முடியும். ஹைட்ரஜன் அழுத்தத்தை உயர்த்தி, நன்றாகக் கலக்கி, வெப்பத்தைக் குறைத்தால் நிக்கல் பரப்பில் ஹைட்ரஜன் தட்டுப்பாடு இராது, பாதி நிலையில் உள்ள சங்கிலிக்கு உடனே இரண்டாம் அணு கிடைத்துவிடும், டிரான்ஸ் குறையும். ஆனால் அதே காரணத்தால் ஒலீயிக் அமிலமும் காத்திராமல் ஸ்டீரிக் ஆகிவிடும், தேர்வுத்திறன் போய்விடும். ஒருபுறம் மெழுகுபோல் உருகாத கொழுப்பு, மறுபுறம் கெட்டுப்போகும் லினோலீயிக் மிச்சம் என்று இரண்டும் கெட்டானாக வரும். எனவே ஆலைகள் 150 முதல் 200 பாகைக்கு மேலும் சூடாக்கி, அழுத்தத்தைக் குறைவாக வைத்து, நிக்கலை வேண்டுமென்றே ஹைட்ரஜன் பசியில் வைத்தன. கந்தகம் படிந்த நிக்கல் ஹைட்ரஜனை இன்னும் குறைவாகவே ஏற்கும். அதில் டிரான்ஸ் இன்னும் கூடும். இனிப்புப் பண்டங்களின் மேற்பூச்சுக்கு வாயில் சட்டென்று உருகும் கொழுப்பு தேவைப்பட்டபோது அத்தகைய நிக்கலையே விரும்பிப் பயன்படுத்தினார்கள்.

இந்தியாவில் இன்னொரு நெருக்கடியும் இருந்தது. குளிர்நாட்டில் கெட்டியாக இருக்கும் கொழுப்பு நம் கோடையில் உருகி ஓடும். நெய்க்கு மாற்றாக விற்க வேண்டிய பொருளுக்கு உருகுநிலை உயர்வாக இருக்க வேண்டும். நம் விதிகளில் வனஸ்பதியின் உருகுநிலை 31 முதல் 41 பாகை வரை என்று குறிக்கப்பட்டிருந்தது.

கண்ணுக்குத் தப்பிய சோதனைகள்

வனஸ்பதி நம் நாட்டில் கண்காணிக்கப்படாத பொருளன்று. நெய்யில் அதைக் கலப்பவர்களைப் பிடிக்க, ஒவ்வொரு வனஸ்பதியிலும் 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி இருந்தது. சந்தேகப்பட்ட நெய்யை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடும் ஃபர்ஃபியூராலோடும் குலுக்கினால், நல்லெண்ணெயில் உள்ள ஒரு பொருள் சிவப்பு நிறம் காட்டிக் கொடுத்துவிடும். பள்ளி ஆய்வகத்திலும் செய்துகாட்டக்கூடிய அழகான சோதனை அது. எல்லாரும் தேடியது கலப்படத்தை. கலக்கப்பட்ட பொருளுக்குள் இருந்த பிணைப்பை அல்ல.

ஆலையில் அன்றாடம் பார்த்த அயோடின் எண்ணும் இவ்விஷயத்தில் குருடே. சிஸ் பிணைப்பும் டிரான்ஸ் பிணைப்பும் ஒரே அளவு அயோடினையே ஏற்கின்றன. முதலில் உதவியது ஈய உப்பு முறை. கொழுப்பு அமிலங்களை ஈய உப்பாக்கி ஆல்கஹாலில் வைத்தால் கெட்டி அமிலங்கள் வீழ்படிவாகும். அதில் நிறைவுற்றவற்றோடு டிரான்ஸ் அமிலங்களும் சேர்ந்தே விழும். வீழ்படிவின் அயோடின் எண்ணைப் பார்த்தால், பூச்சியமாக இருக்க வேண்டியது இருக்காது. அந்த மிகுதி டிரான்ஸ் அமிலத்தைக் காட்டும். பிறகு அகச்சிவப்புக் கதிர் முறை வந்தது. தனித்து நிற்கும் டிரான்ஸ் பிணைப்பு 10.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் கதிரை உறிஞ்சும்; சிஸ் அவ்விடத்தில் உறிஞ்சாது. இன்று நீண்ட நுண்குழாய் கொண்ட வாயு நிறப்பிரிகை முறையில் ஒவ்வொரு டிரான்ஸ் அமிலத்தையும் தனித்தனியே பிரித்து அளக்கிறார்கள்.

தீர்ப்பு வந்த விதம்

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் குமரோ 1957இல், இறந்தவர்களின் உடல் திசுக்களில் டிரான்ஸ் அமிலங்கள் சேர்ந்திருப்பதைத் தம் குழுவினருடன் வெளியிட்டார். அது கவனம் பெறவில்லை. நிறைவுற்ற கொழுப்பே இதயத்துக்குப் பகை என்ற கருத்து வலுப்பெற்ற காலம் அது; தாவர எண்ணெயிலிருந்து வந்த கொழுப்பு நல்ல பக்கத்தில் வைத்து எண்ணப்பட்டது.

நிலைமையைப் புரட்டியது 1990இல் நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் என்ற இருவரின் ஆய்வு. நலமாக இருந்த 59 பேருக்கு மூன்று வகை உணவை, வகைக்கு மூன்று வாரமாக, மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வேறுபட்டது: ஒன்றில் ஒலீயிக், ஒன்றில் டிரான்ஸ், ஒன்றில் நிறைவுற்ற கொழுப்பு. ஒலீயிக் உணவோடு ஒப்பிட்டால், நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல். கொலஸ்ட்ராலை டெசிலிட்டருக்கு 18 மில்லிகிராம் உயர்த்தியது, எச்.டி.எல். மாறவில்லை. டிரான்ஸ் உணவு எல்.டி.எல்.லை 14 மில்லிகிராம் உயர்த்தியதோடு எச்.டி.எல்.லை 7 மில்லிகிராம் குறைத்தது. தீயது கூடி நல்லதும் குறைந்தது டிரான்சில் மட்டுமே. உணவில் இருந்த டிரான்சின் அளவு சாதாரணமாக மக்கள் உண்பதைவிட அதிகம் என்று மறுப்பு எழுந்தது. அது சரியான மறுப்பே. ஆனால் குறைந்த அளவிலும் அதே திசையில்தான் விளைவு என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின.

டென்மார்க் 2003இல், கொழுப்பில் 100 கிராமுக்கு 2 கிராமுக்கு மேல் தொழிற்சாலை டிரான்ஸ் கூடாது என்று முதலில் சட்டம் செய்தது. குமரோ தம் 98ஆம் வயதில், 2013இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். 2015இல் அந்நிர்வாகம் பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயைப் பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்று அறிவித்தது. இந்தியாவில் வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2021 ஜனவரியில் 3 விழுக்காடாகவும் 2022 ஜனவரியில் 2 விழுக்காடாகவும் ஆயிற்று.

வனஸ்பதி மறைந்துவிடவில்லை, செய்முறை மாறியிருக்கிறது. பனைமர எண்ணெயில் இயல்பாகவே கெட்டியாக உள்ள பகுதியைப் பிரித்தெடுக்கலாம். அல்லது எண்ணெயின் ஒரு பகுதியை நோர்மன் செய்ததுபோலக் கடைசிவரை ஹைட்ரஜனேற்றி, அந்த மெழுகைத் திரவ எண்ணெயோடு கலந்து, வினையூக்கியின் துணையால் கொழுப்பு அமிலங்களை மூலக்கூறுகளுக்கிடையே இடம்மாற்றி அமைக்கலாம். இரண்டிலும் பாதி வழியில் நிற்கும் வினை இல்லை. ஆகவே டிரான்ஸ் மிகமிகக் குறைவு. நிறைவுற்ற கொழுப்பு மட்டும் கூடுதலாக இருக்கும். பொட்டலத்தில் 'டிரான்ஸ் கொழுப்பு இல்லை' என்று படிப்பவர் அதற்கு மேல்வரியையும் படித்துவிடுவது நல்லது.

வீட்டில் எண்ணெயைச் சூடாக்கினாலே வனஸ்பதி அளவுக்கு டிரான்ஸ் உண்டாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டியில் நிக்கல் வினையூக்கியும் இல்லை, ஹைட்ரஜனும் இல்லை. வெறும் வெப்பத்தால் இரட்டைப் பிணைப்பைத் திருப்புவது கடினம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் டிரான்ஸ் சிறிதளவு சேரும். அதை ஒதுக்கவேண்டிய முதன்மைக் காரணம் அது அல்ல, ஆக்சிஜனேற்றத்தால் உண்டாகும் வேறு சிதைவுப் பொருள்கள்.

நிக்கல் இல்லாமலே ஹைட்ரஜனேற்றம் நடக்கும் இடமும் ஒன்று உண்டு: பசுவின் வயிறு. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள், புல்லிலும் புண்ணாக்கிலும் உள்ள நிறைவுறா அமிலங்களைப் படிப்படியாக ஹைட்ரஜனேற்றுகின்றன. அவ்வேலையும் வழியில் நிற்பதுண்டு. அதனால் பாலிலும் நெய்யிலும் சில விழுக்காடு டிரான்ஸ் இயல்பாகவே இருக்கிறது. அதில் முதன்மையானது இரட்டைப் பிணைப்பு 11ஆம் இடத்தில் உள்ள வாக்சனிக் அமிலம். 1928இலேயே விலங்குக் கொழுப்பில் அடையாளம் காணப்பட்டது. நொதிகள் குறிப்பிட்ட இடத்திலேயே வேலை செய்வதால் நெய்யின் நிறப்பிரிகை வரைபடத்தில் 11ஆம் இடத்து முகடு ஓங்கி நிற்கும். நிக்கலில் ஏறி இறங்கிய கொழுப்பிலோ 8, 9, 10, 11 என்று முகடுகள் பரந்து கிடக்கும். நல்லெண்ணெய் சேர்க்காத பழைய வனஸ்பதியை நெய்யில் கலந்திருந்தால்கூட, இந்த வரைபடம் ஆய்வாளருக்கு அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.